ஏலம் எடுத்துட்டு ‘வேண்டாம்’னு சொன்னா என்ன ஆகும்? ரூ.3 கோடி டெபாசிட் பறிபோன தமிழ்நாட்டு வழக்கும், திருப்பூர் கணக்கும்!

திருப்பூரில் ஏல அறிவிப்புக்குப் பஞ்சமே இல்லை. கடன் கட்ட முடியாத பனியன் கம்பெனியின் ஷெட்டை வங்கி ஏலம் விடும். ஜாப் ஒர்க் இல்லாமல் மூடிய நிட்டிங் யூனிட்டின் மெஷின்களை ஓனரே ஏலத்தில் விற்பார். ஏற்றுமதி ரத்தான ஸ்டாக் லாட் துணியும் மொத்தமாக ஏலத்துக்கு வரும்.

போட்டி சூடுபிடித்து, ஒருவர் அதிக விலை கேட்டு ஜெயிக்கிறார். நாலு நாள் கழித்து, "எனக்கு லோன் கிடைக்கல, வேண்டாம்" என்கிறார். இப்போது விற்றவருக்கு வந்த நஷ்டத்தை யார் தருவது? கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

இதற்கு ஒரே பதில் இல்லை. ஏலம் விட்டது யார் என்பதைப் பொறுத்து பதில் தலைகீழாக மாறும். தனியார் ஏலம் என்றால், விற்றவர் தனக்கு உண்மையிலேயே நஷ்டம் வந்தது என்று காட்ட வேண்டும். கடனுக்காக வங்கி விடும் ஏலம் என்றால், நஷ்டம் ஒரு ரூபாய் கூட இல்லாவிட்டாலும் டெபாசிட் போய்விடும். இந்த வித்தியாசத்தைத் தெளிவாக்கியது தமிழ்நாட்டில் இருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு.

ரூ.12.27 கோடிக்கு ஏலம்... நடந்தது என்ன?

சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியாவிடம் ஒரு நிறுவனம் கடன் வாங்கித் திருப்பிக் கட்டவில்லை. அடமானமாக வைத்த சொத்தை வங்கி சர்ஃபாசி சட்டத்தின் கீழ் ஆன்லைன் ஏலத்துக்குக் கொண்டுவந்தது. கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை வங்கி விற்க வழி செய்யும் 2002-ம் ஆண்டுச் சட்டம் இது.

2016 டிசம்பரில் நடந்த அந்த ஏலத்தில் ஒருவர் ரூ.12.27 கோடி கேட்டு ஜெயித்தார். விதிப்படி அதில் கால் பங்கு, அதாவது ரூ.3 கோடியே 6 லட்சத்து 75 ஆயிரத்தைக் கட்டினார். மீதி ரூ.9.20 கோடிக்கு அவகாசம் கேட்டார். வங்கியும் 2017 மார்ச் வரை கொடுத்தது. கெடு முடிந்தும் பணம் வரவில்லை. விற்பனையை ரத்து செய்த வங்கி, கட்டிய டெபாசிட் முழுவதையும் பறிமுதல் செய்தது.

இதுக்கு அப்புறம்தான் கதையில் திருப்பம். அதே சொத்தை வங்கி மறுபடி ஏலம் விட்டபோது ரூ.14.76 கோடிக்குப் போனது. முதல் விலையைவிட கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி அதிகம். "உங்களுக்கு நஷ்டமே இல்லை, லாபம்தானே? பிறகு என் மூன்று கோடியை எதற்கு வைத்துக்கொள்கிறீர்கள்?" என்பதுதான் ஏலம் எடுத்தவர் தரப்பின் கேள்வி.

ஒரே வழக்கு, நாலு பதில்

கேட்டால் நியாயமாகத்தான் தெரியும். கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கும் அப்படித்தான் தெரிந்தது. செலவுக்கு ரூ.5 லட்சம் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 5 லட்சத்தை 55 லட்சமாக உயர்த்தியது. நஷ்டத்துக்கு மேல் பறிமுதல் செய்ய முடியாது என்ற கருத்தையே சென்னை உயர் நீதிமன்றமும் 2021-ல் எடுத்தது.

2024 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதையெல்லாம் மாற்றியது. அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா அடங்கிய அமர்வு, வங்கி முழுத் தொகையையும் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது.

காரணம் என்ன? ஒப்பந்தத்தை மீறினால் எவ்வளவு நஷ்ட ஈடு என்று சொல்வது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74 பிரிவுகள். நஷ்டத்துக்கு ஏற்ற நியாயமான தொகைதான் கேட்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் வங்கி ஏலத்தில் டெபாசிட் போவது ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத்தால் அல்ல. சர்ஃபாசி விதிகளில் 9(5) என்ற விதியே ‘மீதிப் பணம் வராவிட்டால் டெபாசிட் பறிமுதல்’ என்கிறது. சட்டமே வைத்த விளைவு இது என்பதால், இங்கே நஷ்டக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. பணம் போகாது என்று தெரிந்தால், யார் வேண்டுமானாலும் வந்து விலையை ஏற்றிவிட்டு நழுவலாம். ஏலம் திரும்பத் திரும்பத் தோற்றால் சொத்தின் விலை இறங்கும். கடைசியில் அதே கூட்டமே அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும். அந்த விளையாட்டைத் தடுக்கும் பூட்டுதான் இந்த 25 சதவீதம்.

பணமதிப்பிழப்பால் பணம் புரட்ட முடியவில்லை என்ற வாதமும் எடுபடவில்லை. 2016 நவம்பர் 8-ல் அந்த அறிவிப்பு வந்துவிட்டது. ஏலம் நடந்தது அதற்கு அடுத்த மாதம்.

வங்கி ஏலத்தில் கெடு எப்படி ஓடும்?

இடம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துக்கு விதி இதுதான். ஏலத்தில் ஜெயித்த அன்றே, அல்லது அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டிய முன்பணமும் இதற்குள் அடங்கும். விற்பனை உறுதியான 15-வது நாளுக்குள் மீதி 75 சதவீதம் வர வேண்டும். வங்கி எழுத்துப்பூர்வமாக அவகாசம் தரலாம். ஆனால் அதுவும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது.

‘மேனேஜர் வாயால சொன்னாரு’ என்பது இங்கே செல்லாது. எழுத்தில் இருக்க வேண்டும். மெஷினை மட்டும் தனியாக வங்கி விற்றால் விதிகள் வேறு. அப்போது ஏல அறிவிப்பில் உள்ள டெபாசிட் நிபந்தனையைத்தான் வரிக்கு வரி படிக்க வேண்டும்.

பறிமுதல் ஆன டெபாசிட் எந்தச் சூழலிலும் திரும்பாதா? அரிதாகத் திரும்பியிருக்கிறது. இந்தியன் வங்கி தொடர்பான ஒரு வழக்கில், கொரோனா காலத்தில் மீதிப் பணம் கட்ட முடியாமல் போனவருக்கு, ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விதிவிலக்கான சூழல் இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்பதை 2024 தீர்ப்பும் ஒப்புக்கொள்கிறது. கேட்ட லோன் கிடைக்கவில்லை என்பது மட்டும் அந்தக் கணக்கில் வராது.

தனியார் ஏலத்தில் கதையே வேற

இப்போது ஒரு உதாரணம் பார்க்கலாம். இது கற்பனைக் கணக்குதான்.

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட் ஓனர், ஆறு சர்குலர் நிட்டிங் மெஷின்களை ஏலத்தில் விற்கிறார். கடைசியாக ரூ.48 லட்சம் கேட்டவருக்கு ‘மூணு தரம்’ சொல்லி முடிக்கிறார்கள். அவர் ரூ.5 லட்சம் டெபாசிட் கட்டுகிறார். பத்து நாளில் மீதியைக் கட்டி மெஷினை எடுக்க வேண்டும் என்பது பேச்சு. ஏழாவது நாள் போன் வருகிறது. "அண்ணா, ஆர்டர் நின்னு போச்சு, மெஷின் வேண்டாம்."

முதல் கேள்வி, ஒப்பந்தம் முடிந்துவிட்டதா என்பது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு இதைச் சொல்கிறது. சுத்தியல் விழும் வரை, அல்லது நம்மூர் வழக்கப்படி மூணு தரம் சொல்லி முடிக்கும் வரை, கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம். முடிந்த பிறகு பின்வாங்கினால் அது ஒப்பந்த மீறல். நம் உதாரணத்தில் மூணு தரம் சொல்லியாயிற்று. எனவே பொறுப்பு வந்துவிட்டது.

அடுத்து ஓனர் என்ன செய்ய வேண்டும்? பலரும் சறுக்குவது இங்கேதான். கோபத்தில் மறுநாளே வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள். அப்படிச் செய்தால் நஷ்ட ஈடு கேட்கும் உரிமையே போகலாம்.

அதே சட்டத்தின் 54-வது பிரிவுப்படி, ‘இத்தனை நாளுக்குள் பணம் கட்டி எடுக்காவிட்டால் மறுவிற்பனை செய்வேன்’ என்று முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நியாயமான அவகாசம் தந்தும் அவர் வராவிட்டால் வேறு ஆளுக்கு விற்கலாம். விலை குறைந்தால் வித்தியாசத்தை முதல் ஆளிடம் கேட்கலாம். விலை கூடினால் அந்த லாபம் ஓனருக்கே.

நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால்? நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதைவிட மோசம், மறுவிற்பனையில் லாபம் வந்தால் அதை முதல் ஆள் கேட்கலாம். பணம் கட்டாமல் ஏமாற்றியவருக்கே லாபம் போகும்! பணம் வராவிட்டால் மறுவிற்பனை செய்யும் உரிமை தனக்கு உண்டு என்று ஏல நிபந்தனையிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருந்தால் ஓனரின் நிலை பலமாக இருக்கும். அப்போதும் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுவது பாதுகாப்பு.

நஷ்டத்தை எப்படிக் கணக்கு போடுவது?

ஓனர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். பத்து நாள் காத்திருந்தார். பதில் இல்லை. மறுபடி ஏலம் விட்டார். இந்த முறை ரூ.41 லட்சம்தான் வந்தது.

விலை வித்தியாசம் ரூ.7 லட்சம். மெஷின் நின்ற ஷெட்டுக்குக் கூடுதலாக ஒரு மாத வாடகை ரூ.60 ஆயிரம். மறு ஏலத்துக்கான விளம்பரம் உள்ளிட்ட செலவு ரூ.40 ஆயிரம். ஆக மொத்த நஷ்டம் ரூ.8 லட்சம். கையில் இருக்கும் டெபாசிட் ரூ.5 லட்சத்தைக் கழித்தால், மீதி ரூ.3 லட்சத்துக்கு முதல் ஆள் மீது வழக்கு போடலாம். ஒப்பந்தம் மீறிய நாளில் இருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும்.

இரண்டு விலையையும் ஒப்பிடும்போது ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றை வரியோடும் இன்னொன்றை வரி இல்லாமலும் எடுத்தால் முதல் விசாரணையிலேயே கணக்கு உடையும்.

எல்லாச் செலவும் இதில் வராது. ‘அந்த 48 லட்சத்தை நம்பி வேறொரு இடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், அதுவும் போச்சு’ என்று கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. மீறலில் இருந்து இயல்பாக வரும் நஷ்டமும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டமும்தான் 73-வது பிரிவில் அடங்கும்.

‘கேஸ் ஜெயிச்சுக்கலாம்’ என்று மெஷினை ஒரு வருடம் போட்டு வைக்கவும் முடியாது. ஊசியும் சிலிண்டரும் துருப்பிடித்து விலை 20 லட்சத்துக்கு இறங்கினால், அந்த இறக்கம் முழுவதையும் எதிராளி தலையில் கட்ட நீதிமன்றம் விடாது. நஷ்டத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று கேட்கும். அதனால்தான் மறு ஏலம் சீக்கிரம் நடக்க வேண்டும். அதே மெஷின், அதே நிபந்தனை, அதே அளவு விளம்பரம் இருக்க வேண்டும். முதலில் ஆறு மெஷினும் மொத்தமாக, பிறகு நாலு மட்டும் என்று விற்றால் ஒப்பீடே செல்லாது. தெரிந்தவருக்குக் குறைந்த விலையில் கொடுத்தாலும் அதே சிக்கல்தான்.

மறு ஏலத்தில் விலை கூடினால் டெபாசிட்?

இங்கே பேசப்படும் முக்கிய வழக்கு டெல்லி வளர்ச்சி ஆணையத்துடையது. 1982-ல் ஆணையம் நடத்திய மனை ஏலத்தில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் நிறுவனம் ரூ.3.12 கோடிக்கு ஜெயித்து, ரூ.78 லட்சம் டெபாசிட் கட்டியது. மீதிப் பணம் தொடர்பாக வருடக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடந்தது. 1993-ல் ஆணையம் ஏலத்தை ரத்து செய்து டெபாசிட்டைப் பறிமுதல் செய்தது. 1994-ல் அதே மனையை ரூ.11.78 கோடிக்கு விற்றது.

2015-ல் உச்ச நீதிமன்றம், 78 லட்சத்தை 9 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இந்த வழக்கில் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவே இல்லை என்பது நீதிமன்றத்தின் முதல் முடிவு. மீறியதாகவே வைத்துக்கொண்டாலும், ஆணையத்துக்கு நஷ்டமே இல்லாதபோது பறிமுதல் செய்ய முடியாது என்பது அடுத்தது.

சென்ட்ரல் பேங்க் வழக்கிலும் மறு ஏலத்தில் விலை கூடியது, டெல்லி வழக்கிலும் கூடியது. ஒன்றில் டெபாசிட் போனது, மற்றொன்றில் வட்டியோடு வந்தது. ஒன்று சர்ஃபாசி விதி, மற்றொன்று சாதாரண ஒப்பந்தம். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் உதாரணத்தில் மறு ஏலம் ரூ.50 லட்சத்துக்குப் போயிருந்தால், செலவான ஒரு லட்சத்தைக் கழித்தாலும் ஓனருக்கு உண்மையான நஷ்டம் இல்லை. முழு 5 லட்சத்தையும் வைத்துக்கொள்ள முயன்றால், எடுத்தவர் இந்தத் தீர்ப்பைக் காட்டி எதிர்ப்பார். ஆனால், ‘பின்வாங்கினால் போய்விடும்’ என்று தெளிவாகச் சொல்லி வாங்கிய நியாயமான சிறு முன்பணத்தைப் பறிமுதல் செய்வதை நீதிமன்றங்கள் ஏற்றதும் உண்டு. அதனால் தொகையின் அளவும், நிபந்தனையின் வாசகமும் முக்கியம்.

கோர்ட் ஏலம் என்றால்?

சிவில் வழக்கில் தீர்ப்பை நிறைவேற்ற கோர்ட்டே சொத்தை விற்கும்போது மூன்றாவது வழி ஒன்று உண்டு. அங்கேயும் 25 சதவீதம் உடனே, மீதி 15 நாளில். கட்டாவிட்டால் செலவு போக டெபாசிட்டைப் பறிமுதல் செய்ய கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதோடு, மறு ஏலத்தில் விலை குறைந்தால் அந்த வித்தியாசத்தையும் செலவையும் ஓடிப்போனவரிடம் வசூலிக்க, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21-வது ஆணை, 71-வது விதி இடம் தருகிறது. தனி வழக்கு தேவையில்லை. பணம் வர வேண்டியவரும் கேட்கலாம், சொத்தை இழந்தவரும் கேட்கலாம்.

சொத்தை இழந்தவர் எதற்குக் கேட்க வேண்டும்? ஏலத்தில் விலை குறைந்தால் அடி விழுவது அவருக்குத்தான். ரூ.2 கோடிக்குக் கேட்ட ஷெட் மறு ஏலத்தில் ரூ.1.40 கோடிக்குப் போனால், கடனில் கழியும் விற்பனைத் தொகை 60 லட்சம் குறைகிறது. மீதிக் கடன் அவர் பெயரில் அப்படியே நிற்கும். கடன் மூழ்கிப்போன ஒரு சிறு பனியன் கம்பெனி ஓனருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஏலம் எடுத்தவருக்குத் தப்பிக்க நியாயமான வழியே இல்லையா?

இருக்கிறது. விற்றவர் பக்கம் தவறு இருந்தால் ‘வாங்க மாட்டேன்’ என்பது மீறல் ஆகாது. அறிவிப்பில் சொன்ன மாடல் வேறு, காட்டிய மெஷின் வேறு என்றால் மறுக்கலாம். சொத்தில் வேறொருவர் வழக்கு போட்டிருப்பதைத் தெரிந்தே மறைத்திருந்தால் எதிர்த்துக் கேட்கலாம்.

‘உள்ளது உள்ளபடி’ என்று அறிவித்த ஏலத்தில் மட்டும் கவனம் தேவை. மெஷின் ஓடவில்லை, ஷெட்டுக்கு மின் கட்டண பாக்கி இருக்கிறது என்பதை எல்லாம் ஏலத்துக்கு முன்பே போய்ப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னால் பெரும்பாலும் நிற்காது.

வங்கி ஏலத்தில் கலந்துகொள்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது மீதி 75 சதவீதம் எங்கிருந்து வரும் என்பதைத்தான். லோனை நம்பித்தான் என்றால், அந்த வங்கியின் ஒப்புதல் கடிதம் ஏலத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பதினைந்து நாளில் புது லோன் கிடைத்துவிடும் என்று கணக்கு போட்டால், ஆபத்தில் இருப்பது ஏலத் தொகையின் கால் பங்கு.

தனியாக ஏலம் விடுகிற ஓனர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. டெபாசிட் எவ்வளவு, கெடு என்ன, கட்டாவிட்டால் மறுவிற்பனை, வித்தியாசம் யார் பொறுப்பு என்ற நாலு வரியை ஏல நிபந்தனையில் எழுதி, கலந்துகொள்கிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஆள் பின்வாங்கினால் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு விற்றுக்கொள்ளுங்கள்.